ஒரு பக்க ரெஸ்யூமேயில் படிப்பு, தலைமை, சேவை: எதை வைப்பது, எதை எடுப்பது

கேள்வி: "தருமபுரி பக்கம் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எம்.எஸ்சி. படிக்க ஓர் அறக்கட்டளை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறேன். ஒரு பக்க ரெஸ்யூமே கேட்கிறார்கள். படிப்பு, தலைமைப் பண்பு, சமூக சேவை மூன்றும் அதில் தெரிய வேண்டுமாம். என்னுடையது மூன்று பக்கம் வருகிறது. சி.ஜி.பி.ஏ. 8.1. என்.எஸ்.எஸ்., கிளாஸ் ரெப், இல்லம் தேடிக் கல்வி, எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் பற்றிய பிராஜெக்ட், சனி ஞாயிறு ஜவுளிக்கடை வேலை எல்லாம் இருக்கிறது. எதை வெட்டுவது?"

மூன்று பக்கத்தை ஒன்றரைப் பக்கமாக்குவது நீங்கள் நினைப்பதைவிட எளிது. நம் ஊர் ரெஸ்யூமேக்களில் பாதி இடம் யாரும் கேட்காத விவரங்களுக்கே போய்விடுகிறது. அவற்றை எடுத்தாலே போதும். அதற்கப்புறம் மிஞ்சும் அரைப் பக்கத்தைக் குறைப்பதுதான் கஷ்டம். அங்கே நீங்கள் கை வைக்க வேண்டியது உண்மையிலேயே செய்த காரியங்களில். எது எந்தத் தலைப்புக்குக் கீழே போகும், எதற்கு மூன்று வரி, எதற்கு ஒரு வரி என்பதை முடிவு செய்துவிட்டால், வெட்ட வேண்டியது எது என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

நான் கல்லூரி ஆசிரியர். ஓர் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் முதல் சுற்றைப் படித்துத் தரும் வேலையைச் சில ஆண்டுகள் செய்திருக்கிறேன். அதனால் கீழே சொல்வது, தனியார் அறக்கட்டளைகள் இளங்கலை முடிப்பவர்களுக்குத் தரும் உதவித்தொகைகளைப் பார்த்த அனுபவம். அரசு உதவித்தொகைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தாது. அங்கே மதிப்பெண், வருமானச் சான்று, சாதிச் சான்று என்று போகும், ரெஸ்யூமே என்ற பேச்சே இருக்காது. வெளிநாட்டு உதவித்தொகைகளில் அடிப்படை இதேதான் என்றாலும் வடிவத்துக்கு அவரவர் விதி உண்டு. ஸ்டான்ஃபோர்டின் நைட்-ஹென்னெஸி உதவித்தொகைக்கு ஒரு பக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளில் பல, அங்கே பொதுவாகப் புழங்கும் யூரோபாஸ் ரெஸ்யூமே வடிவத்தில் கேட்கும். அறிவிப்பில் எழுதியிருப்பது நான் சொல்வதற்கு முரணாக இருந்தால், அறிவிப்பைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் பக்கத்தில் எவ்வளவு கொள்ளும் என்று பார்ப்போம். ஏ4 தாள், நான்கு பக்கமும் 2 செ.மீ. ஓரம், 11 புள்ளி எழுத்து, கொஞ்சம் காற்றோட்டமான வரி இடைவெளி என்றால் ஏறக்குறைய 45 வரிகள் வரும். எழுத்தை 9 புள்ளிக்குச் சுருக்கி 60 வரி திணிக்கலாம், செய்யாதீர்கள். ஒரே உட்காரலில் கத்தை கத்தையாகப் படிப்பவர் நெருக்கமான பக்கத்தைப் பார்த்ததும் மேலோட்டமாக ஓட்டத் தொடங்கிவிடுவார், உங்கள் நல்ல வரிகளும் அதோடு போகும். இந்த 45-இல் பெயர், தொலைபேசி, மின்னஞ்சலுக்கு 3 வரி. தலைப்புகளுக்கும் அவற்றுக்கு நடுவே விடும் வெற்றிடத்துக்கும் 8 வரி. ஆக உங்கள் கையில் இருப்பது 34 வரி. மூன்று தகுதிகளும் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

இப்போது உங்கள் மூன்று பக்கத்தில் என்ன இருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். மேலே 'நோக்கம்' என்று மூன்று வரி. கீழே 'சொந்த விவரம்' என்று அப்பா பெயர், பிறந்த தேதி, பாலினம், மதம், திருமணம் ஆனதா, தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு, முழு முகவரி. கடைசியில் 'மேற்கண்ட தகவல்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்' என்ற உறுதிமொழியும் இடம், தேதி, கையொப்பமும். வேலைக்கு பயோடேட்டா கொடுத்துக் கொடுத்துப் பழகிய வழக்கம் இது. எல்லாம் சேர்த்து 16, 17 வரி, அதாவது கையில் இருக்கும் இடத்தில் பாதி. அறிவிப்பில் தனியாகக் கேட்டிருந்தாலன்றி முழுவதையும் எடுத்துவிடலாம். உறுதிமொழி பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கும், அங்கே டிக் செய்துவிட்டீர்கள். போட்டோவும் வேண்டாம், கேட்டால் ஒழிய.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. ரெஸ்யூமே தனியாகப் போவதில்லை. படிவம், மதிப்பெண் பட்டியல், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றோடும் சேர்ந்துதான் போகிறது. படிப்பவர் மேசையில் இவை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஐந்து செமஸ்டர் மதிப்பெண்ணும் படிவத்தில் கட்டம் கட்டமாக நிரப்பியாயிற்று என்றால், ரெஸ்யூமேயில் அதே அட்டவணையை மறுபடி போடுவது 8 வரியை வீணாக்குவதுதான். படிவத்தில் கட்டம் இல்லாத விஷயங்களுக்குத்தான் ரெஸ்யூமேயின் இடம். அதனால் எழுத உட்காரும் முன் படிவத்தை முழுவதும் திறந்து, எதெல்லாம் அதில் ஏற்கெனவே கேட்கப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவை ரெஸ்யூமேயில் ஒரு வரிக்கு மேல் வரக்கூடாது.

சரி, படிப்புக்கு வருவோம். 8.1 நல்ல மதிப்பெண், ஆனால் தனியாக நிற்கும்போது அது எதையும் சொல்வதில்லை. ஒரு கல்லூரியில் 8.1 முதல் ஐந்து பேருக்குள் வரும், இன்னொரு கல்லூரியில் நடுவில் நிற்கும். படிப்பவருக்கு உங்கள் கல்லூரி மதிப்பெண் போடும் வழக்கம் தெரியாது. அதனால் அளவுகோலையும் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "சி.ஜி.பி.ஏ. 8.1 / 10 (ஐந்து செமஸ்டர்கள் வரை), வகுப்பில் 52 பேரில் 4-ஆவது". இந்த 52, 4 எல்லாம் நான் உதாரணத்துக்குப் போடுவது. உங்கள் விவரம் எனக்குத் தெரியாது. வகுப்பில் எத்தனையாவது என்று கல்லூரி அதிகாரபூர்வமாகத் தராவிட்டால் துறைத்தலைவரிடம் கேட்டு, அவர் எழுத்தில் உறுதி செய்யத் தயாராக இருந்தால் மட்டும் போடுங்கள். நண்பர்களின் மதிப்பெண்ணைக் கேட்டு நீங்களே கணக்குப் போட்ட இடத்தைப் போடக்கூடாது.

செமஸ்டர் வாரியாக ஏறியிருந்தால் அதுவும் ஒரு வரிக்குத் தகுதியானது. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து ஆங்கில வழிக்கு வந்தவர்களுக்கு முதல் செமஸ்டர் சறுக்குவது சகஜம். "முதல் செமஸ்டர் 7.0, ஐந்தாம் செமஸ்டர் 8.9" என்ற ஒரே வரி, 8.1 என்ற சராசரி மறைத்துவிடும் உண்மையைக் காட்டிவிடும். காரணத்தை ரெஸ்யூமேயில் எழுத வேண்டாம், அது கட்டுரைக்கு. சதவீதமாக மாற்றிக் காட்டும் ஆசையும் வேண்டாம். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு ஒரு காலத்தில் சொன்ன 9.5 பெருக்கலை எடுத்துக் கல்லூரி மதிப்பெண்ணுக்குப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் பல்கலைக்கழகம் மாற்றுச் சூத்திரம் எதையாவது வெளியிட்டிருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் உள்ளதை உள்ளபடி விடுங்கள். அரியர் இருந்து எழுதித் தேறியிருந்தால் ரெஸ்யூமேயில் சொல்லத் தேவையில்லை, ஆனால் படிவம் கேட்டால் மறைக்கக்கூடாது. மதிப்பெண் பட்டியலில் தெரிந்துவிடும். பிளஸ் டூ மதிப்பெண்ணை 600-க்கு எவ்வளவு என்று ஒரே வரியில் முடியுங்கள். பத்தாம் வகுப்பு வேண்டாம்.

படிப்புப் பகுதியில் உங்களுக்கு இருக்கும் பெரிய சொத்து அந்தத் தண்ணீர் பிராஜெக்ட். அதற்குத்தான் நான் அதிக வரி தருவேன். தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பது தெரிந்த பிரச்சினை. உங்கள் பிராஜெக்டும் அதைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். வழக்கமாக மாணவர்கள் இதை எப்படி எழுதுவார்கள் தெரியுமா? "நிலத்தடி நீரின் தரம் குறித்த ஆய்வு மேற்கொண்டேன். இதன்மூலம் பகுப்பாய்வுத் திறனும் குழுவாகச் செயல்படும் திறனும் பெற்றேன்." முதல் வரியில் தகவல் இல்லை, இரண்டாம் வரியை எந்த பிராஜெக்டுக்கும் ஒட்டலாம். இதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: "சொந்த ஊரின் 24 போர்வெல்களிலிருந்து கோடையிலும் மழைக்குப் பின்பும் மாதிரி எடுத்து ஃபுளோரைடு அளந்தேன். 9 போர்வெல்களில் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது." இரண்டு வரிதான். ஆனால் எத்தனை மாதிரி, எத்தனை முறை, எதனோடு ஒப்பிட்டீர்கள், என்ன கிடைத்தது என்று நான்கும் வந்துவிட்டன. வேதியியல் தெரிந்தவர் படித்தால், ஒப்பிட வேண்டிய அளவு எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதைக் கவனிப்பார். (1.5 என்பது வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்துக்கான அளவு. பொதுவாக ஏற்கத்தக்க அளவு 1.0. நேர்காணலில் இதைக் கேட்க வாய்ப்பு உண்டு.) உங்கள் ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் இருக்கும், நான் சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

இங்கேதான் எந்தச் செயல் எந்தத் தலைப்பில் என்ற சிக்கல் வருகிறது. ஒருவேளை நீங்கள் அந்த முடிவுகளை ஊராட்சியில் கொடுத்து, எந்த போர்வெல் தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்று மக்களுக்குச் சொல்லியிருந்தால், அது சேவை. மாதிரி எடுக்க ஜூனியர்கள் சிலரைப் பழக்கி வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தால், அது தலைமை. ஒரே பிராஜெக்டை மூன்று தலைப்பிலும் மூன்று முறை போட்டால் படிப்பவருக்கு உடனே தோன்றுவது, 'இவரிடம் வேறு எதுவும் இல்லை போலிருக்கிறது' என்பதுதான். நான் பின்பற்றச் சொல்லும் முறை இது: ஒரு செயல் ஒரு தலைப்பில் மட்டும் முழுமையாக வரட்டும். எந்தத் தலைப்பில் உங்களிடம் சரக்கு குறைவாக இருக்கிறதோ, அங்கே அதை வைக்க முடியுமா என்று பாருங்கள். உங்கள் விஷயத்தில் சேவைக்கு இல்லம் தேடிக் கல்வி இருக்கிறது. தலைமைக்குத்தான் பஞ்சம். எனவே ஆய்வின் அளவும் முடிவும் படிப்பில் இரண்டு வரி. அந்த முடிவை வைத்து ஊரில் நீங்கள் முன்னின்று செய்தது எதுவோ, அது தலைமையின் கீழ் தனிப் பதிவாக மூன்று வரி. ஆய்வு வேறு, ஊராட்சியைப் பேசி இணங்க வைத்தது வேறு. இரண்டும் இரண்டு செயல்கள் என்பதால் இது திருப்பிச் சொல்வது ஆகாது.

தலைமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இதுதான். 'வகுப்புப் பிரதிநிதி', 'மன்றச் செயலாளர்', 'என்.எஸ்.எஸ். மாணவர் தலைவர்' என்று பதவிகளை அடுக்கிவிட்டு அத்தோடு நின்றுவிடுகிறார்கள். வருகிற விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் யாராவது ஒரு கிளாஸ் ரெப் இருப்பார். பல கல்லூரிகளில் அது வருகைப் பதிவேட்டை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோவதுதான் என்று படிப்பவருக்கும் தெரியும். அவர் தேடுவது வேறு: இவர் ஒரு முடிவு எடுத்தாரா? மற்றவர்கள் ஒத்துக்கொள்ளாதபோது என்ன செய்தார்? இவர் விட்டுப்போன பிறகும் அது நடக்கிறதா? இந்த மூன்றில் ஒன்றாவது வரியில் தெரிந்தால் பதவியே இல்லாவிட்டாலும் அது தலைமைதான். மூன்றும் இல்லாத பதவிக்கு ஒரு வரிக்கு மேல் தர வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டாக, ஆய்வகத்தில் இடம் போதாமல் உங்கள் வகுப்பில் பலருக்குச் செய்முறை வகுப்புகள் விட்டுப்போயின என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் யார் யாருக்கு எந்தச் சோதனை விட்டுப்போனது என்று பட்டியல் எடுத்து, துறைத்தலைவரிடம் பேசி, சனிக்கிழமை காலையில் கூடுதல் வகுப்பு வாங்கித் தந்தீர்கள். "கிளாஸ் ரெப், 2 ஆண்டுகள்" என்பதற்குப் பதில், "வகுப்புப் பிரதிநிதி: 52 பேரில் 19 பேருக்கு விட்டுப்போன செய்முறைகளைப் பட்டியலிட்டு, துறையிடம் பேசி 4 சனிக்கிழமைக் கூடுதல் வகுப்புகள் பெற்றேன், அடுத்த ஆண்டும் துறை அதைத் தொடர்கிறது" என்று எழுதலாம். மூன்றாவது கேள்விக்கான பதில் அந்தக் கடைசித் துண்டில் இருக்கிறது. பலர் அதைத்தான் எழுதாமல் விடுகிறார்கள். தொடரவில்லை என்றால் எழுத வேண்டாம். பட்டியல் எடுத்தது வரைக்குமே போதும்.

எதையெல்லாம் தலைமை என்று எழுதக்கூடாது என்பதும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் பயிலரங்கில் கலந்துகொண்ட சான்றிதழ் தலைமை ஆகாது. ஆன்லைனில் வாங்கிய 'தலைமைத்துவப் பயிற்சி' சான்றிதழும் ஆகாது. கல்லூரி விழாவில் 'ஒருங்கிணைப்புக் குழு உறுப்பினர்' என்பது, நீங்கள் எதை ஒருங்கிணைத்தீர்கள் என்று ஒரு வாக்கியம் எழுத முடிந்தால் மட்டும் ஆகும். இப்படி எழுத முடியாதவற்றை எடுத்தாலே உங்களுக்கு இன்னும் அரைப் பக்கம் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

சேவைப் பகுதியில் என்.எஸ்.எஸ். பற்றி ஒரு தெளிவு வேண்டும். அதில் சேர்ந்த எல்லோருக்கும் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் என்பது திட்டத்தின் விதி. ஏழு நாள் சிறப்பு முகாமும் திட்டத்தின் ஒரு பகுதி. அதனால் "என்.எஸ்.எஸ். தொண்டர், 240 மணி நேரம், ஏழு நாள் முகாம்" என்று எழுதினால் என்.எஸ்.எஸ்.ஸில் இருந்த எவரும் எழுதக்கூடிய வரியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். தவறில்லை, ஆனால் அதற்கு ஒரு வரி போதும். அந்த முகாமில் மரம் நட்டோம், பேரணி போனோம், கோயில் வளாகம் சுத்தம் செய்தோம் என்று நான்கு வரி விரிக்காதீர்கள். பேரணிகளை நான் குறை சொல்லவில்லை. அங்கே நீங்கள் தனியாக என்ன செய்தீர்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான்.

இல்லம் தேடிக் கல்வி வேறு ரகம். ஒரே குழந்தைகளை மாதக்கணக்காக, மாலையில், வாரத்தில் பல நாள் பார்த்திருக்கிறீர்கள். விண்ணப்பம் படிப்பவர்கள் பத்து நிகழ்ச்சிகளைவிட ஒரே இடத்தில் நீண்ட நாள் நின்ற ஒன்றைத்தான் மேலாக மதிப்பார்கள். நான் சேர்ந்து பணியாற்றிய எல்லோரிடமும் இந்த ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு பார்த்ததில்லை. எனவே இதற்கு நான்கு வரி தாருங்கள். எத்தனை மாதம், வாரம் எத்தனை நாள், எத்தனை குழந்தைகள், எந்த வகுப்பு என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அடுத்த வரி, நீங்கள் அங்கே கண்ட ஒரு பிரச்சினையும் அதற்குச் செய்ததும். "18 குழந்தைகளில் 7 பேருக்குத் தமிழில் ஒரு பத்தி சரளமாக வாசிக்க வரவில்லை, அவர்களுக்குத் தனியாகத் தினமும் 20 நிமிட வாசிப்பு, எட்டு மாதத்தில் 5 பேர் வாசித்தனர்." ஐந்து பேர்தான், ஏழு பேரும் இல்லை. அந்த மீதி இருவரைப் பற்றி நேர்காணலில் கேட்டால் உங்களுக்குச் சொல்ல விஷயம் இருக்கும். எல்லோரும் வெற்றி என்று எழுதினால் கேட்பவருக்குச் சந்தேகம்தான் வரும்.

இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. இதை எழுதுவதா, மறைப்பதா என்று என் மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். 'ஊக்கத்தொகையுடன்' என்ற ஒரு சொல்லை அடைப்புக்குள் போட்டுவிடுங்கள். மாதத்துக்கு அந்தத் தொகையை யாரும் சம்பளம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது என் கருத்து. ஆனால் சில அறக்கட்டளைகள் 'ஊதியமில்லாச் சேவை' என்றே அறிவிப்பில் எழுதுகின்றன. உங்களுடையதில் அப்படி இருந்தால் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். இது என்னால் உறுதியாகச் சொல்ல முடியாத விஷயம், அவர்கள் வாயால் வர வேண்டியது.

ஜவுளிக்கடை வேலையை நீங்கள் கடைசியில் சொன்னதைப் பார்த்தால், அதை எடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள் போலிருக்கிறது. எடுக்காதீர்கள். படிப்பு, தலைமை, சேவை மூன்றிலும் அது வராது என்பது சரிதான். ஆனால் வாரத்தில் 16 மணி நேரம் நின்று வேலை செய்துகொண்டே 8.1 வாங்கியவர் என்பது மற்ற எல்லா வரிகளையும் வேறு மாதிரி படிக்க வைக்கும். கல்லூரிப் போட்டிகளில் ஏன் பரிசு இல்லை என்ற கேள்விக்கும் அதுவே பதில். கடைசியில் 'பிற' என்ற தலைப்பில் ஒரே வரி: "விற்பனை உதவியாளர், சனி ஞாயிறு, வாரம் 16 மணி நேரம், 2 ஆண்டுகள்; கல்லூரிச் செலவுக்காக." வீட்டு நிலைமையை அங்கே விவரிக்க வேண்டாம். அதற்குக் கட்டுரையிலும் வருமானச் சான்றிலும் இடம் இருக்கிறது.

ஆக, என் கணக்கில் உங்கள் 34 வரி இப்படிப் போகும்: படிப்புக்கு 11 (பட்டம், மதிப்பெண், இடம், ஏற்றம், பிளஸ் டூ, பிராஜெக்ட், பரிசு ஏதேனும் இருந்தால்), தலைமைக்கு 9, சேவைக்கு 9, வேலைக்கும் ஆய்வகக் கருவிகள், மென்பொருள் போன்றவற்றுக்கும் 3. இரண்டு வரி மிச்சம். அது அப்படியே வெற்றிடமாக இருக்கட்டும். தலைப்புகளுக்கு அறக்கட்டளை அறிவிப்பில் பயன்படுத்திய அதே சொற்களையே வையுங்கள். அவர்கள் 'சமூகப் பங்களிப்பு' என்று எழுதியிருந்தால் நீங்களும் அதையே. படிப்பவர் கையில் ஒரு மதிப்பெண் தாள் இருக்கும். அதில் உள்ள தலைப்பும் உங்கள் தலைப்பும் ஒன்றாக இருந்தால் தேடாமல் போடுவார்.

எழுதி முடித்த பிறகு ஒரு சோதனை. தலைப்புகளை மட்டும் ஒரு தாளால் மறைத்துவிட்டு, உங்கள் துறையைச் சேராத ஒருவரிடம் வரிகளைக் கொடுங்கள். ஒவ்வொன்றும் படிப்பா, தலைமையா, சேவையா என்று அவர் சொல்லட்டும். அவர் தடுமாறும் வரியில்தான் கோளாறு. பெரும்பாலும் அந்த வரியில் நீங்கள் செய்த வினை இருக்காது, நிகழ்ச்சியின் பெயர்தான் இருக்கும். அதே மாதிரி எண்களையும் ஒருமுறை பாருங்கள். "500-க்கும் மேற்பட்டோர் பயன்பெற்றனர்" என்பது போன்ற உருண்டை எண்ணைப் படித்ததும் என் பேனா தானாக ஒரு கேள்விக்குறி போட்டுவிடும். எண்ணிப் பார்த்தது 18 என்றால் 18 என்றே எழுதுங்கள். வருகைப் பதிவேட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

எனக்கு நிச்சயமில்லாத சிலவும் உண்டு. மூன்று தகுதிகளில் எதற்கு எவ்வளவு எடை என்று பெரும்பாலான அறக்கட்டளைகள் வெளியே சொல்வதில்லை. அறிவிப்பில் முதலில் வருவதற்குத்தான் எடை அதிகம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் அதே வரிசையில் எழுதுவதால் நஷ்டம் இல்லை. பள்ளிக்காலச் செயல்களை வைக்கலாமா என்பதில் படிப்பவர்களிடையே இரண்டு கருத்து உண்டு. கல்லூரியிலும் தொடர்ந்தது என்றால் வையுங்கள், ஒன்பதாம் வகுப்பில் வாங்கிய பேச்சுப்போட்டிப் பரிசு வேண்டாம் என்பது என் பக்கம். வண்ணக் கட்டம், இரண்டு நெடுவரிசை, திறமைக்கு நட்சத்திரம் போடும் வடிவங்கள் சிலருக்குப் பிடிக்கலாம். கருப்பு வெள்ளையில் அச்செடுத்துப் படிக்கும் இடங்களில் அவை மங்கி, வரிகள் இடம் மாறிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியரிடம் இந்த ஒரு பக்கத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அவர் கடிதத்தில் 30 போர்வெல் என்றும் உங்கள் பக்கத்தில் 24 என்றும் இருந்தால் இரண்டு பேர் மீதும் நம்பிக்கை போய்விடும். முடிந்தால் சனிக்கிழமை வகுப்பு விஷயத்தைத் துறைத்தலைவரும் ஃபுளோரைடு விஷயத்தைப் பிராஜெக்ட் வழிகாட்டியும் எழுதட்டும். ரெஸ்யூமேயில் மூன்று வரிதான் தர முடிந்ததற்கு அவர்கள் கடிதத்தில் ஒரு பத்தி கிடைக்கும். அப்புறம் பி.டி.எஃப். ஆக மாற்றி, வேறொருவர் கைபேசியில் திறந்து, இரண்டாம் பக்கம் என்று ஒரு வெற்றுத்தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.